வக்கீலிடம் சொன்னது யாருடையது?

(இராயபுரத்தில் துறைமுக, ஆலைத் தொழிலாளர் குடும்பங்களிடையே ஒரு குற்றவியல் வழக்கறிஞர் ஆற்றிய சொற்பொழிவின் எழுத்து வடிவம்)



நாம் கூடியிருக்கும் இதே இராயபுரத்தில், செமட்டரி ரோட்டில் இருந்த ஒரு வீட்டில், 1952 ஆகஸ்ட் மாத இறுதியில் ஆளவந்தார் என்ற வியாபாரி கொலை செய்யப்பட்டார். சைனா பஜாரில் கடை நடத்தியவர் அவர். தலையில்லாத அவருடைய உடல் ஒரு டிரங்குப் பெட்டிக்குள் போட்மெயிலில் பயணம் செய்து மானாமதுரையில் பிடிபட்டது. தலை நம்முடைய இராயபுரம் கடற்கரையில் கிடைத்தது. இரண்டும் ஒரே ஆளுடையவைதான் என்று சென்னை மருத்துவக் கல்லூரியின் டாக்டர் சி.பி. கோபாலகிருஷ்ணன் பொருத்திக் காட்டினார். வழக்கு நீதிபதி ஏ.எஸ். பஞ்சாபகேச ஐயர் முன் நடந்தது. 1953 ஆகஸ்டில் பிரபாகர மேனனுக்கு ஏழாண்டும் அவர் மனைவி தேவகிக்கு மூன்றாண்டும் சிறை கிடைத்தன. உங்கள் வீட்டுப் பெரியவர்கள் பலர் இந்தக் கதையைச் சொல்லி நீங்கள் கேட்டிருப்பீர்கள்.

நான் அந்தக் கதையை மறுபடி சொல்ல வரவில்லை. அதை வைத்து ஒரு கேள்வி கேட்க வந்திருக்கிறேன். நடந்தது இதுவல்ல, ஒரு பேச்சுக்கு வைத்துக்கொள்வோம்: தலை இன்னும் கிடைக்கவில்லை. குற்றம் சாட்டப்பட்டவர் ஒரு வக்கீலை அமர்த்துகிறார். அறைக்கதவைச் சாத்திவிட்டு, "ஐயா, நான்தான் செய்தேன். தலை இன்ன இடத்தில் இருக்கிறது. என்னை நீங்கள்தான் காப்பாற்ற வேண்டும்" என்கிறார். இப்போது அந்த வக்கீல் என்ன செய்யலாம்? என்ன செய்யக் கூடாது? எழுந்து நேராக இராயபுரம் போலீஸ் ஸ்டேஷனுக்குப் போகலாமா?

போகக் கூடாது. 1952இல் நடைமுறையில் இருந்தது 1872ஆம் ஆண்டின் இந்தியச் சாட்சியச் சட்டம். அதன் 126ஆம் பிரிவு, கட்சிக்காரர் வெளிப்படையாகச் சம்மதித்தால் ஒழிய, தொழில் முறையில் அவர் சொன்னதை வக்கீல் எந்தக் காலத்திலும் வெளியிடக் கூடாது என்றது. 2024 ஜூலை 1 முதல் அந்தச் சட்டத்தின் இடத்தில் பாரதிய சாக்ஷிய அதினியம் இருக்கிறது. இதே விதி அதில் 132ஆம் பிரிவு. பழைய சட்டத்தை எழுதியவர்கள் ஒரு உதாரணத்தையும் சேர்த்தே எழுதினார்கள். ஒருவர் தம் வக்கீலிடம், "நான் பொய்ப் பத்திரம் தயாரித்துவிட்டேன், எனக்காக வாதாடுங்கள்" என்கிறார். இந்தப் பேச்சுக்குப் பாதுகாப்பு உண்டு. காரணத்தையும் சட்டமே சொல்கிறது: குற்றம் செய்தவர் என்று தெரிந்த ஒருவருக்காக வாதாடுவது குற்ற நோக்கம் ஆகாது.

உங்களில் சிலருக்கு இது கசக்கும் என்பது எனக்குத் தெரியும். செத்தவன் குடும்பம் தலைக்காகக் காத்திருக்க, வக்கீல் வாயைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருப்பதா? இதே கேள்வி அமெரிக்காவில் உண்மையாகவே எழுந்தது. 1973இல் நியூயார்க் மாநிலத்தில் ராபர்ட் காரோ என்பவர் ஒரு கொலை வழக்கில் கைதானார். ஃபிராங்க் ஆர்மனி, ஃபிரான்சிஸ் பெல்ஜ் என்ற இரு வக்கீல்களிடம், காணாமல்போன வேறு இரண்டு பெண்களையும் தான் கொன்றதாகச் சொல்லி உடல்கள் கிடக்கும் இடத்தையும் சொன்னார். வக்கீல்கள் போய்ப் பார்த்தார்கள், படம் எடுத்தார்கள், திரும்பி வந்து மாதக்கணக்கில் வாய் திறக்கவில்லை. மகளைத் தேடிவந்த ஒரு தந்தை நேரில் கேட்டபோதும் சொல்லவில்லை. 1974இல் விசாரணைக் கூண்டில் ஏறிய காரோ தானே சொன்ன பிறகுதான் ஊருக்குத் தெரிந்தது. ஊர் கொதித்தது. பெல்ஜ் மீது வழக்கே போட்டார்கள். நீதிமன்றம் அதைத் தள்ளுபடி செய்தது.

அது அவர்கள் நாட்டுச் சட்டம். ஆனாலும் அந்தத் தந்தையின் முகத்தை நினைத்துக்கொண்டே நான் உங்களிடம் சொல்கிறேன்: அந்த வக்கீல்கள் பேசாமல் இருந்தது சரி. சொன்னால் வெளியே போகும் என்று தெரிந்தால் எந்த மனிதனும் வக்கீலிடம் உண்மை சொல்லமாட்டான். குற்றமே செய்யாதவன்கூடத் தனக்குப் பாதகமாகத் தோன்றும் ஒன்றை மறைப்பான். அந்த இடத்துக்குத் தான் போயிருந்ததை, முதல்நாள் சண்டை போட்டதை, கடன் வாங்கியதை எல்லாம் மறைப்பான். அரசுத் தரப்பு அதைக் கோர்ட்டில் எடுத்து வைக்கும்போது அவன் வக்கீலே அப்போதுதான் முதல்முறையாகக் கேட்பார். அப்படி மாட்டிக்கொண்ட அப்பாவிகள் உண்டு.

ஆனால் இந்தப் பாதுகாப்பு எங்கே முடிகிறது என்பதையும் கவனிக்க வேண்டும். வக்கீல் வாயைத் திறக்காமல் இருப்பது வேறு, கையை நீட்டுவது வேறு. நம் கற்பனை வழக்கில் கட்சிக்காரர், "தலையை இன்னும் ஆழமாகப் புதைக்க வேண்டும், எங்கே புதைத்தால் மாட்டாது?" என்று கேட்டால் அந்தக் கேள்விக்குப் பாதுகாப்பே கிடையாது. இனிமேல் செய்யப்போகும் குற்றத்துக்கு யோசனை கேட்பதைச் சட்டம் மறைத்துக் காக்காது. அதற்குப் பதில் சொன்னால், தடயத்தை அழிக்க உதவிய குற்றம் அந்த வக்கீல் மேலேயே விழும். பாரதிய நியாய சன்ஹிதாவின் 238ஆம் பிரிவு அதுதான். கத்தியைக் கொண்டுவந்து மேசைமேல் வைத்து "பத்திரமாக வைத்திருங்கள்" என்றாலும் அதேதான். கத்தி ஒரு பேச்சு அல்ல. சொன்ன சொல்லுக்குத்தான் பாதுகாப்பு, பொருளுக்கு இல்லை.

இன்னொரு விதிவிலக்கும் உண்டு. வக்கீல் வேலையை ஏற்றுக்கொண்ட பிறகு, ஒரு புதிய குற்றமோ மோசடியோ நடந்திருப்பதைக் காட்டும் ஒன்றைப் பார்த்தால், அதை அவர் சொல்லலாம். சட்டம் தரும் உதாரணம் கணக்குப் புத்தகம்: கையாடல் வழக்கில் கட்சிக்காரரின் பேரேட்டில், வக்கீல் முதலில் பார்த்தபோது இல்லாத ஒரு வரி பிறகு முளைத்திருக்கிறது. அந்த வரிக்குப் பாதுகாப்பு இல்லை.

குற்றவாளி என்று தெரிந்தும் வாதாடலாம் என்றால், எதையும் வாதாடலாமா? இல்லை. பார் கவுன்சில் விதி, வக்கீலின் சொந்த அபிப்பிராயம் எதுவானாலும் குற்றம் சாட்டப்பட்டவருக்காக அவர் வாதாட வேண்டும் என்கிறது. போதிய சாட்சியம் இல்லாமல் யாரும் தண்டிக்கப்படக் கூடாது என்ற சட்டத்துக்குத்தான் அவர் விசுவாசம் காட்ட வேண்டும் என்றும் சொல்கிறது. ஆக, அந்த வக்கீல் அரசுத் தரப்புச் சாட்சியை எவ்வளவு வேண்டுமானாலும் உலுக்கலாம். "இருட்டில் எப்படி அடையாளம் கண்டாய்? பெட்டியைத் தூக்கியவரை எத்தனை நேரம் பார்த்தாய்?" என்று கேட்கலாம். இந்தச் சாட்சியம் போதாது என்று வாதிடலாம். ஆனால், "அன்று இவர் திருச்சியில் என் வீட்டில்தான் இருந்தார்" என்று ஒரு ஆளைக் கூண்டில் ஏற்றக் கூடாது. அந்தச் சாட்சி பொய் என்று அவருக்குத் தெரியும். தெரிந்தே பொய்ச் சாட்சியைத் தயார் செய்தால் அவரும் அந்தக் குற்றத்தில் பங்காளி.

சாட்சியை வெளியே போய்ப் பார்த்துப் பேரம் பேசுவது இதைவிட மோசம். டெல்லியில் 1999இல் நடந்த பி.எம்.டபிள்யூ. கார் வழக்கு பலருக்கு நினைவிருக்கும். அதில் எதிரித் தரப்பு வக்கீல் ஆர்.கே. ஆனந்த், பெரிய மூத்த வழக்கறிஞர். நேரில் பார்த்த ஒரு சாட்சியைக் கலைக்கும் முயற்சி ரகசியக் கேமராவில் பதிவாகி 2007இல் தொலைக்காட்சியில் வந்தது. டெல்லி உயர் நீதிமன்றம் அவரை நீதிமன்ற அவமதிப்புக் குற்றவாளி என்று அறிவித்து, நான்கு மாதம் கோர்ட்டில் ஆஜராகக் கூடாது என்றது. 2009இல் உச்ச நீதிமன்றம் அந்தத் தீர்ப்பை உறுதி செய்தது. "அந்தச் சாட்சி நம்ம ஆளு, நான் பேசிக்கிறேன்" என்று சொல்லும் வக்கீலைப் பார்த்தால் தைரியம் கொள்ளாதீர்கள், பயப்படுங்கள். நாளைக்கு அவர் மாட்டினால் உங்கள் வழக்கும் சேர்ந்தே கெடும்.

இனி நம்ம ஊருக்கு வருவோம். காசிமேட்டிலும் திருவொற்றியூரிலும் எண்ணூரிலும் ஒரு பிரச்சினை என்றால் ஜனங்கள் முதலில் வக்கீலிடம் போவதில்லை. மீனவர் குப்பத்தில் ஊர்ப் பஞ்சாயத்தார், ஆலையில் யூனியன் செயலாளர், தெருவில் கவுன்சிலர். அவர்களிடம் எல்லாவற்றையும் கொட்டிவிட்டு, வக்கீலிடம் வரும்போது பாதியை மறைக்கிறார்கள். இது தலைகீழ். பஞ்சாயத்தாரிடம் சொன்னதற்குச் சட்டப் பாதுகாப்பு எதுவும் இல்லை. அவரைச் சாட்சியாக அழைத்தால் அவர் சொல்லியே ஆக வேண்டும். தமிழ்நாட்டுக் கொலை வழக்குகளை எடுத்துப் பாருங்கள், "எதிரி தானாக வந்து கிராம நிர்வாக அலுவலரிடம் ஒப்புக்கொண்டார்" என்ற சாட்சியம் எத்தனை வழக்கில் வருகிறது! நீதிமன்றங்கள் அதைச் சந்தேகத்தோடுதான் பார்க்கின்றன. ஆனாலும் அது சாட்சியமாக ஏற்கத்தக்கது. போலீஸ் அதிகாரியிடம் சொன்ன ஒப்புதலைச் சட்டம் ஏற்காது. வெளியாளிடம் சொன்னதை ஏற்கும். வக்கீலிடமும், அவருடைய குமாஸ்தாவிடமும், மொழிபெயர்த்துச் சொல்பவரிடமும் சொன்னதுதான் பூட்டுக்குள் இருக்கும். கோர்ட் வாசலில் "நான் வக்கீல் பிடிச்சுத் தரேன்" என்று வரும் புரோக்கர் அந்தக் கணக்கில் வரமாட்டார்.

இன்னொன்று, இந்த வட்டாரத்துக்கே உரிய சிக்கல். ஒரு கன்டெய்னர் லாரி டிரைவரை எடுத்துக்கொள்வோம். எண்ணூர் விரைவுச்சாலையில் மணிக்கணக்கில் வரிசையில் நின்றுவிட்டு, இரவில் வண்டியை எடுத்தவர் ஒருவர்மேல் மோதி அவர் இறந்துவிடுகிறார். அஜாக்கிரதையால் மரணம் என்று வழக்கு. லாரி முதலாளி உடனே தம் வக்கீலை அனுப்புகிறார். பணமும் அவரே கட்டுகிறார். டிரைவர் நன்றியோடு வக்காலத்தில் கையெழுத்துப் போடுகிறார். பிறகு தனியாக இருக்கும்போது வக்கீலிடம், "சார், பிரேக் பிடிக்கலைன்னு ஓனர்கிட்ட ரெண்டு தடவை சொன்னேன். இந்த டிரிப்பு முடியட்டும்னு சொன்னார்" என்கிறார்.

இந்தச் சொல் யாருடையது? பணம் கட்டியவர் முதலாளி. ஆனால் இந்த வழக்கில் கட்சிக்காரர் டிரைவர்தான், ஏனென்றால் கூண்டில் நிற்பவர் அவர், கையெழுத்தும் அவருடையது. வக்கீல் இதை முதலாளியிடம் போய்ச் சொன்னால் நம்பிக்கைத் துரோகம். முதலாளிக்காக இதைச் சொல்லாமல் அமுக்கினால் டிரைவருக்கு இருக்கும் நல்ல வாதம் ஒன்று செத்துப்போகும். முதலாளிக்கு நல்லது டிரைவருக்குக் கெட்டது என்ற நிலை வந்துவிட்டது. வழக்கின் தரப்பினரோடு தமக்குள்ள தொடர்பு, வழக்கில் தமக்குள்ள அக்கறை ஆகியவற்றை வக்கீல் முதலிலேயே கட்சிக்காரரிடம் ஒளிக்காமல் சொல்ல வேண்டும் என்பது பார் கவுன்சில் விதி. இருவர் நலனும் மோதும்போது, அந்த வக்கீல் டிரைவரின் வழக்கிலிருந்து விலகுவதுதான் முறை. விலகிய பிறகு அந்த பிரேக் விஷயத்தை முதலாளிக்காக இன்னொரு கோர்ட்டில் பயன்படுத்தவும் கூடாது. விபத்து இழப்பீட்டுத் தீர்ப்பாயத்தில் இதே விபத்துக்கு இன்னொரு வழக்கு நடக்கும் என்பதால் இதை அழுத்திச் சொல்கிறேன்.

எப்படிக் கண்டுபிடிப்பது? சில அடையாளங்கள் உண்டு. வக்கீல் உங்களிடம் பேசுவதைவிட முதலாளியிடம் அதிகம் பேசுகிறார். பிரேக் பற்றிச் சொன்னால், "அதெல்லாம் இப்போ வேண்டாம்பா" என்கிறார். காரணம் சொல்லாமல் குற்றத்தை ஒப்புக்கொண்டு அபராதம் கட்டச் சொல்கிறார். குற்றப்பத்திரிகை நகல் உங்கள் கைக்கு வருவதே இல்லை. இவற்றில் ஒன்று இருந்தால் கேள்வி கேளுங்கள். எல்லாம் இருந்தால் வக்கீலை மாற்றுங்கள்.

மாற்றுவது உங்கள் உரிமை. ஆனால் அதற்கு முறை உண்டு. ஒரு வக்கீல் வக்காலத்தோ ஆஜர் மெமோவோ போட்டிருக்கும் வழக்கில், அவர் சம்மதம் இல்லாமல் இன்னொருவர் ஆஜராகக் கூடாது என்பது பார் கவுன்சில் விதி. கோர்ட் வட்டாரத்தில் இதை என்.ஓ.சி. என்பார்கள். பழைய வக்கீலிடம் நேரில் போய் மரியாதையோடு கேளுங்கள், வழக்குக் கட்டையும் கேளுங்கள். பெரும்பாலானோர் கையெழுத்துப் போட்டுக் கொடுத்துவிடுவார்கள். கொடுக்காவிட்டால் வழக்கு முடங்கிவிடாது. புதிய வக்கீல், சம்மதம் ஏன் கிடைக்கவில்லை என்ற காரணத்தை எழுதி, அதே கோர்ட்டில் அனுமதி கேட்டு மனுப் போடலாம். கோர்ட் அனுமதித்தால் ஆஜராகலாம். புழலில் அடைபட்டிருப்பவர் என்றால் அவரே நீதிபதியிடம் சொல்லலாம். காவலில் இருப்பவருக்கு வருமானம் எவ்வளவு என்று பார்க்காமல் இலவசச் சட்ட உதவி உண்டு. அப்படிப் பெறும் வக்கீலும் முழு வக்கீல்தான், இரகசியக் காப்பில் எந்த வித்தியாசமும் இல்லை.

"ஃபீஸ் பாக்கி இருக்கு, கட்டைத் தரமாட்டேன்" என்றால்? இந்தக் கேள்விக்கு உச்ச நீதிமன்றம் 2000ஆம் ஆண்டில் தெளிவாகப் பதில் சொல்லியிருக்கிறது. போபாலில் ஒரு கூட்டுறவு வங்கிக்கு வக்கீலாக இருந்த ஆர்.டி. சக்சேனா என்பவரை வங்கி மாற்றியது. தமக்கு 97,100 ரூபாய் வரவேண்டும், அது வரும்வரை கட்டுகளைத் தரமாட்டேன் என்றார் அவர். விவகாரம் பார் கவுன்சிலுக்குப் போய், அங்கிருந்து உச்ச நீதிமன்றத்துக்கு வந்தது. நீதிபதி கே.டி. தாமஸ் எழுதிய தீர்ப்பு, கட்சிக்காரரின் கட்டைப் பிடித்து வைத்துக்கொள்ளும் உரிமை எதுவும் வக்கீலுக்கு இல்லை என்றது. பாக்கியை வக்கீல் வேறு வழியில், தேவையானால் வழக்குப் போட்டு, வசூலிக்கலாம். கட்டைப் பிடித்து வைப்பது தொழில் ஒழுக்கக் கேடு. அதே சமயம், உழைத்தவருக்கு நியாயமான கூலியைக் கொடுக்காமல் ஓடாதீர்கள். வக்கீல் தாமாக விலகினால் போதிய முன்னறிவிப்புத் தர வேண்டும், உழைக்காத பங்குக்கான ஃபீஸைத் திருப்பித் தர வேண்டும் என்பதும் விதியில் இருக்கிறது.

மாற்றிய பிறகு பழைய வக்கீல் வாயைத் திறக்கலாமா என்று பலரும் பயப்படுகிறார்கள். திறக்கக் கூடாது. வேலை முடிந்த பின்னும் கடமை தொடரும் என்று சட்டமே விளக்கம் சேர்த்திருக்கிறது. போலீஸோ வேறு புலனாய்வு அமைப்போ அவரை அழைத்துக் கேட்டாலும் அதே பதில்தான். இந்தக் கேள்வி அண்மையில் பெரிதாக எழுந்தது. 2025 ஜூனில் அமலாக்கத் துறை, நம் சென்னையைச் சேர்ந்த மூத்த வழக்கறிஞர் அரவிந்த் தாதருக்கே, அவர் கொடுத்த சட்டக் கருத்து ஒன்றுக்காக சம்மன் அனுப்பியது. எதிர்ப்பு எழுந்ததும் திரும்பப் பெற்றது. உச்ச நீதிமன்றம் தானாக முன்வந்து விசாரித்து, 2025 அக்டோபர் 31 அன்று தீர்ப்பளித்தது. கட்சிக்காரரின் விவரம் கேட்டு வக்கீலுக்கு சம்மன் அனுப்பக் கூடாது, 132ஆம் பிரிவின் விதிவிலக்குக்குள் வந்தால் மட்டும் எஸ்.பி. பதவிக்குக் குறையாத மேலதிகாரியின் எழுத்துபூர்வ ஒப்புதலோடு அனுப்பலாம் என்றது. ஆனால் வக்கீலிடம் இருக்கும் ஆவணங்கள் இந்தப் பிரிவின் பாதுகாப்பில் வராது, கேட்டால் அவற்றைக் கோர்ட்டில்தான் ஒப்படைக்க வேண்டும் என்றும் சொன்னது. நான் முதலில் சொன்ன சொல்லுக்கும் பொருளுக்குமான வித்தியாசம் இங்கேயும் வருகிறது.

கடைசியாக, எப்போது மாற்றுவது என்பது. இதில்தான் நம் மக்கள் அதிகம் ஏமாறுகிறார்கள். சாட்சி விசாரணை எல்லாம் முடிந்து, தீர்ப்பு பாதகமாக வரும் என்ற வாடை அடித்ததும் வக்கீலை மாற்றிவிட்டு, "பழைய வக்கீல் சரியாகக் குறுக்கு விசாரணை செய்யவில்லை, எல்லாச் சாட்சியையும் திரும்பக் கூப்பிடுங்கள்" என்று மனுப் போடுவது. டெல்லியில் 2014 டிசம்பரில் ஒரு டாக்சிக்குள் நடந்த பாலியல் வன்முறை வழக்கில் இதைத்தான் செய்தார்கள். அரசுத் தரப்பில் 28 சாட்சிகள் விசாரிக்கப்பட்ட பிறகு எதிரி வக்கீலை மாற்றினார். 28 பேரையும் திரும்ப அழைக்கச் சொன்னார். விசாரணை நீதிமன்றம் மறுத்தது. உயர் நீதிமன்றம் 13 பேரை அழைக்க அனுமதித்தது. அதில் பாதிக்கப்பட்ட பெண்ணும் ஒருவர். 2015 செப்டம்பரில் உச்ச நீதிமன்றம் அதை ரத்து செய்தது. வக்கீலை மாற்றியது மட்டுமே சாட்சியைத் திரும்ப அழைக்கக் காரணம் ஆகாது என்றது. நான் எதிரித் தரப்பில் வாதாடுகிறவன்தான். ஆனாலும் அந்தத் தீர்ப்பு நியாயம் என்று நினைக்கிறேன். எதிரி வக்கீலை மாற்றும் ஒவ்வொரு முறையும் அந்தப் பெண் மறுபடி மறுபடி கூண்டில் ஏற வேண்டும் என்றால் எந்தச் சாட்சியும் கோர்ட்டுக்கு வரமாட்டார்.

எனவே மாற்ற வேண்டும் என்று தோன்றினால், குற்றச்சாட்டு வனைவதற்கு முன்பே மாற்றுங்கள். குறைந்தபட்சம் முக்கியச் சாட்சி கூண்டில் ஏறுவதற்கு முன். கட்டை வாங்கியதும் புதிய வக்கீலிடம் குற்றப்பத்திரிகை நகல், இதுவரை பதிவான சாட்சியங்களின் சான்றிட்ட நகல், அடுத்த வாய்தா தேதி மூன்றையும் கொடுங்கள். பழைய வக்கீலிடம் சொன்னது எல்லாவற்றையும், மறைத்ததையும் சேர்த்து, இவரிடம் திரும்பச் சொல்லுங்கள். அந்த இரகசியம் உங்களுடையது, அதை எடுத்துப்போவது உங்கள் பொறுப்பு. சாட்சி ஏற்கெனவே விசாரிக்கப்பட்டுவிட்டால், பொத்தாம்பொதுவாக எல்லோரையும் கூப்பிடச் சொல்லாதீர்கள். எந்தச் சாட்சி, எந்தக் கேள்வி விட்டுப்போனது, அது கேட்கப்படாததால் வழக்கில் எது மாறுகிறது என்பதை மனுவில் எழுதச் சொல்லுங்கள். நம் டிரைவர் வழக்கில் அது ஒரே ஒரு கேள்வியாக இருக்கும். வண்டியைச் சோதித்த மோட்டார் வாகன ஆய்வாளரிடம் பிரேக்கைப் பற்றிக் கேட்க வேண்டியது அது.